கடை திறக்கிற செய்தியை எழுதின கதை: நாலு வரைவு, ஒரு நன்றி

போன மாதம் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் சொந்தமாக ஒரு மோட்டார் வைண்டிங் கடை திறந்தேன். பெஞ்சு, காயில் சுற்றும் மெஷின், வார்னிஷ் டிரே, இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கர் எல்லாம் ஒரு வாரத்தில் தயாராகிவிட்டன. கடை திறக்கிறேன் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்கிற ஒரு பக்கச் செய்தியை எழுதத்தான் பன்னிரண்டு நாள் ஆனது. அந்த வேலை எப்படி நடந்தது, எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். வேலை மாறுகிறவர்களுக்கும் கடை போடுகிறவர்களுக்கும் பயன்படும். ஆட்களின் பெயரை இங்கே போடவில்லை, முறை சொல்லித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் எழுதின வரைவு இது:

"அனைவருக்கும் வணக்கம். 14 வருடங்களாக மோட்டார் வைண்டிங் துறையில் அனுபவம் பெற்று, ஆயிரக்கணக்கான மோட்டார்களைச் சரிசெய்து, இன்று சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன் என்பதைப் பெருமையுடனும் மகிழ்ச்சியுடனும் தெரிவித்துக்கொள்கிறேன். பல சோதனைகளைத் தாண்டி, கடின உழைப்பால் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். இதற்கு உறுதுணையாக இருந்த அனைத்து நல்ல உள்ளங்களுக்கும் நன்றி. தங்கள் மேலான ஆதரவை வேண்டுகிறேன்."

எழுதி முடித்ததும் நன்றாகத்தான் தோன்றியது. பத்திரிகை அடிக்கிற கடையில் கொடுத்தால் அப்படியே அச்சில் போட்டுவிடுவார்கள். ராத்திரி மறுபடி படித்தபோது ஏதோ உறுத்தியது. தம்பட்டம் மாதிரி இருந்தது, ஆனால் எந்த இடத்தில் என்று பிடிபடவில்லை. 'நான்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று தேடினேன். ஒரு தடவைகூட இல்லை.

அப்புறம்தான் விளங்கியது. தமிழில் 'நான்' வெளியே நிற்க வேண்டியதில்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடு போட்டு, அந்த வேலையைச் செய்தது யார் என்று பக்கத்தில் எழுதினேன். அனுபவம் பெற்று, நான். சரிசெய்து, நான். தொடங்கியிருக்கிறேன், தெரிவித்துக்கொள்கிறேன், தாண்டி, வந்திருக்கிறேன், வேண்டுகிறேன், எல்லாம் நான். 'என்பதை'யை விட்டுவிட்டால் மொத்தம் எட்டு வினை, அதில் ஏழு என்னுடையது. மற்றவர்களுக்குக் கிடைத்தது 'இருந்த' என்ற ஒரே ஒரு வினை. பதினாலு வருடத்தில் அத்தனை பேரும் எனக்காகச் செய்தது வெறுமனே 'இருந்தது' மட்டும்தான் என்று எழுதியிருக்கிறேன். எனக்கே வருத்தமாகப் போய்விட்டது.

இரண்டாவது வரைவில் எல்லா வினையையும் மற்றவர்கள் செய்ததாக வைத்தேன். "என் திறமையை முதலில் கண்டுகொண்ட மேஸ்திரிக்கு நன்றி. என்னை நம்பிக் கடைச் சாவியையே ஒப்படைத்த முதலாளிக்கு நன்றி. என் கைராசியை ஊரெல்லாம் சொன்ன வாடிக்கையாளர்களுக்கு நன்றி." கோடு போட்டுப் பார்த்தால் கணக்கு சரி. கண்டுகொண்டது அவர், ஒப்படைத்தது அவர், சொன்னது அவர்கள். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. நன்றி என்ற சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். மிஞ்சியது திறமை, நம்பிக்கை, கைராசி. மூன்றும் என்னுடைய சான்றிதழ்கள், கீழே கையெழுத்துப் போடத்தான் அவர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். முதல் வரைவாவது நேரடியாகப் பெருமை பேசியது. இது அடுத்தவர் வாயால் என்னைப் பேச வைத்தது, அதனால் இதுதான் மோசம் என்று நினைக்கிறேன்.

அதனால் சோதனை இரண்டாக ஆயிற்று. வினையைச் செய்தது யார் என்று ஒன்று. நன்றி என்ற சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியத்தில் யாருடைய நல்ல காரியம் மிஞ்சுகிறது என்று இன்னொன்று.

சரி, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து யோசித்தால் முதலாளி, மேஸ்திரி, மாமனார் என்று பெரிய ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதுவும் பொதுப்படையாக, 'நிறையச் செய்தார்' என்று. ஞாபகத்தை நம்புவதை விட்டுவிட்டுப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே இருக்கிற ஒவ்வொரு சாமானும் எப்படி வந்தது, அதைப் பிடிக்க யார் பழக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே ஒரு நோட்டில் எழுதினேன்.

காயில் சுற்றுகிற மரப் பார்மா, பழைய கடைக்குப் பக்கத்தில் இருந்த ஆசாரி செய்து கொடுத்தது. பேரிங் கழற்றுகிற புல்லர், லேத் அண்ணன் தன் கையால் கடைந்தது. டேட்டா நோட்டு, வீட்டுக்காரி எழுதியது. மெக்கரைப் பார்த்ததும் ஒரு விவசாயி ஐயாவின் முகம் வந்தது. மூலையில் கிடந்த காப்பர் வயர் சுருள்களைப் பார்த்ததும் வயர்க் கடை அண்ணன். இப்படிப் பதினாலு பேர் வந்தார்கள். யோசித்து எழுதியிருந்தால் இதில் ஆறு பேர் விட்டுப்போயிருப்பார்கள். ஆசாரி நிச்சயமாக விட்டுப்போயிருப்பார்.

பதினாலு பேரையும் ஒரே செய்தியில் போட்டால் கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் போல ஆகிவிடும். கடைசியில் ஐந்து பேரை மட்டும் பொதுச் செய்தியில் வைத்துக்கொண்டேன். மற்ற ஒன்பது பேருக்கும் தனியாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். பெரியவர் சின்னவர் பார்த்து அந்த ஐவரை எடுக்கவில்லை. அவர்கள் செய்த காரியத்தின் தடம் இன்றைக்கும் என் வேலையில் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். வரிசைக்கும் அதே யோசனை. யாரை முதலில் போடுவது என்பது நம் ஊரில் சாதாரண விஷயம் இல்லை, அதனால் காலவரிசையில் வைத்தேன். முதலில் வந்தவர் முதலில்.

மூன்றாவது வரைவை மனைவியிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி "எல்லா நேரத்திலும் உறுதுணையாக நின்ற என் மனைவி" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "உறுதுணைன்னா என்னங்க? நான் என்ன பண்ணுனேன்னு போடுங்க" என்றாள். அவள் செய்தது இது. ஒரு மோட்டாரைப் பிரிக்கும்போது எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று குறித்துவைக்க வேண்டும். குறிக்காமல் பழைய காயிலை வெட்டி எறிந்துவிட்டால் திரும்பக் கட்டுவது குருட்டு வேலை. நான் அதையெல்லாம் இன்சுலேஷன் பேப்பர்த் துண்டுகளில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். துவைக்கப் போடுவதற்கு முன் அவள் அந்தத் துண்டுகளை எடுத்து, கம்பெனி வாரியாக, ஹெச்.பி. வாரியாக நீள நோட்டில் எழுதிவைத்தாள். இன்றைக்கு மூன்று நோட்டு இருக்கிறது. 'உறுதுணை' என்ற ஒரே சொல் அத்தனையையும் விழுங்கியிருந்தது.

அந்த வரைவை நெருங்கிய சிநேகிதன் ஒருவனுக்கும் அனுப்பினேன். உடனே போன் செய்தான். "மேஸ்திரிக்கு என்னாச்சு? எப்ப?" என்று பதறினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது. செய்தி, மேஸ்திரி எனக்கு வேலை பழக்கிய கதையில் ஆரம்பிக்கிறது. பெரியவர் ஒருவரைப் பற்றிப் பழைய நினைவோடு ஒரு வாட்ஸாப் செய்தி வந்தால் நம் ஆட்கள் இரங்கல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீளமான செய்தியை வாட்ஸாப் பாதியில் மடித்து `Read more` என்று வேறு காட்டும். கடை திறக்கிற சேதி அந்த மடிப்புக்குக் கீழே போய்விட்டது. தம்பட்டத்துக்குப் பயந்து சேதியையே ஒளித்துவைத்திருந்தேன். கடை திறக்கிறேன் என்று ஒரே வரியில் சொல்வது பெருமை ஆகாது, அது தகவல். அந்த வரியைத் தூக்கி முதலில் வைத்தேன்.

அடுத்தது அனுமதி. அனுமதி கேட்காமல் விட்டிருந்தால் இரண்டு பேர் மனம் நொந்திருப்பார்கள்.

முதலாளியிடம் நேரில் போய்க் காட்டினேன். "இத்தனை வருடம் பணிபுரிந்த இடத்திலிருந்து விலகி" என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "தம்பி, விலகின்னு போடாத. சண்ட புடிச்சுட்டுப் போன மாதிரி இருக்குது. நீ சொல்லிக்கிட்டுத்தான போற?" என்றார். 'சொல்லிக்கொண்டு வந்தேன்' என்று மாற்றினேன். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரியான சொல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி, உறவை அறுக்காமல் வெளியே வருகிற சொல் அது. என் பன்னிரண்டு நாள் வேலையில் மிகவும் பெறுமானமுள்ள திருத்தம் அதுதான்.

வயர்க் கடை அண்ணன் எனக்கு இருபது கிலோ காப்பர் வயர் தவணைக்குக் கொடுத்தார். அவர் கொடுக்காமல் கடையே இல்லை. அதைப் பொதுச் செய்தியில் எழுதிவிட்டு, போடலாமா என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம், நாளைக்கே பத்துப் பேர் கடன் கேட்டு நிப்பாங்க" என்றார். நியாயம்தானே. பண உதவி செய்தவரைப் பொதுவில் சொல்வது அவருக்குச் சுமையாக முடியலாம், நல்லெண்ணத்தோடு சொன்னாலும். அவரைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கிக் கையால் எழுதி, கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கு அப்புறம் மரியாதை விகுதிகளை ஒரு தடவை சரிபார்த்தேன். மேஸ்திரி 'சொன்னார்', பழைய கடை உதவிப் பையன் 'சொன்னான்' என்று பேச்சு வழக்கிலேயே வந்திருந்தது. ஊரே படிக்கிற செய்தியில் வயதில் சின்னவன் என்பதற்காக ஒருவனை 'ஆன்' போட்டு எழுதிவிட்டு நன்றி சொல்வது சரியில்லை. அவனுக்கும் 'ஆர்' போட்டேன். பிறகு அவன் வரியே தனிச் செய்திக்குப் போய்விட்டது, அங்கேயும் அதை மாற்றவில்லை.

நாலாவது வரைவு இது. இதைத்தான் அனுப்பினேன். அனுப்பியதில் பெயர்கள் இருந்தன, இங்கே முறை மட்டும்:

"வணக்கம். வரும் திங்கள்கிழமை கணபதியில் சொந்தமாக மோட்டார் வைண்டிங் கடை திறக்கிறேன். திறப்பதற்கு முன் ஐந்து பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலை பழக வந்த புதிதில் ஒரு ஹெச்.பி. மோட்டாரில் ரன்னிங் காயில் ஒன்றை எட்டுச் சுற்றுக் குறைவாகக் கட்டிவிட்டேன். மோட்டார் ஓடியது, ஆனால் கை வைக்க முடியாத சூடு. மேஸ்திரி திட்டவில்லை. அந்தக் காயிலை வெட்டி எடுத்து, கம்பிகளைத் தரையில் பரப்பி, என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். அன்றிலிருந்து இரண்டு தடவை எண்ணாமல் எந்தக் காயிலையும் ஸ்லாட்டில் இறக்கியதில்லை.

முதலாளி ஒரு கிரைண்டர் மோட்டாரைப் பார்த்து, 'காயில் நல்லாத்தான் இருக்குது, கெப்பாசிட்டர் மட்டும் மாத்திக்குங்க' என்று சொல்லி, வைண்டிங் கூலி வாங்காமல் அனுப்பினார். அது நான் சேர்ந்த முதல் மாதம். மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் கெப்பாசிட்டரைப் பார்க்க அன்றைக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

லேத் அண்ணன், பயிர் காய்கிறது என்று ஒருவர் வந்து நின்றபோது ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து, தேய்ந்த ஷாப்டை ஏற்றிக் கடைந்து கொடுத்தார்.

ஒரு விவசாயி ஐயாவின் மோட்டார் ஒரே வருடத்தில் மூன்று தடவை கருகியது. அவர் கோபித்துக்கொள்ளாமல் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டினார். மோட்டாரை மட்டும் பார்த்தால் போதாது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

நான் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொண்டுவந்த வைண்டிங் கணக்குகளை என் மனைவி மூன்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். கடையின் மூலதனம் அந்த நோட்டுகள்தான்.

இந்த ஐவருக்கும் நன்றி. கிரைண்டர், வீட்டு மோட்டார், கிணற்று மோட்டார் பார்க்கிறேன். பெரிய மில் மோட்டார்கள் இப்போதைக்கு எடுக்கவில்லை. காலை 9 முதல் இரவு 7 வரை, ஞாயிறு விடுமுறை. பழைய கடையில் கொடுத்திருக்கும் வேலையை அங்கேயே முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரி முதலாளி கேட்டு எழுதியதல்ல. அவர் கடையில் பழகிய வாடிக்கையாளர்கள்தான் என் போனில் பாதிப் பேர். அவர்களுக்கு இந்தச் செய்தி போகும்போது, நன்றி சொல்கிற சாக்கில் ஆளை இழுக்கிறான் என்று படக்கூடாது. அந்த வரி இல்லாமல் முதலாளிக்குச் சொன்ன நன்றிக்கு அர்த்தம் இல்லை.

சுற்றுக் குறைந்தது என் தவறு என்று ஏன் எழுத வேண்டும், புதுக் கடைக்கு அபசகுனமாக இருக்காதா என்று மாமனார் கேட்டார். காயிலில் சுற்றுக் குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், அதனால் சூடாகும். இது இந்தத் தொழிலில் பழகுகிற எல்லோருக்கும் ஒரு தடவை நடப்பதுதான். என் தவறை எடுத்துவிட்டால் மேஸ்திரி செய்தது என்ன என்றே தெரியாது. அவர் பொறுமை தெரிய வேண்டுமானால் நான் சொதப்பியதும் அங்கே இருக்க வேண்டும். அதனால் வைத்துக்கொண்டேன்.

அனுப்புவதிலும் ஒரு சிக்கல் வந்தது. கடைக்கென்று புதிதாக ஒரு சிம் வாங்கியிருந்தேன். அந்த எண்ணிலிருந்து பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினேன். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், எனக்கு 180 பேர்தான். ஒரு மணி நேரம் ஆகியும் பதிலே இல்லை. செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் வீட்டு ஆட்கள் நாலு பேருக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். புது எண்ணை யார் சேமித்திருப்பார்கள்? பழைய எண்ணிலிருந்து மறுபடி அனுப்பினேன், கீழே கடை எண்ணைச் சேர்த்து. இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது. குரூப்பில் போடவில்லை. குரூப்பில் போட்டால் முதலில் பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், ஐவருடைய கதை மேலே ஓடிப்போய்விடும்.

அந்த ஐவருக்கும் மட்டும் பிராட்காஸ்ட்டுக்கு முதல் நாளே தனியாக அனுப்பியிருந்தேன். தங்களைப் பற்றி ஊர் படிப்பதற்கு முன் அவர்கள் படித்துவிட வேண்டும் என்பதற்காக. மற்ற ஒன்பது பேருக்கும் அந்த வாரத்தில் ஆளுக்கு மூன்று நாலு வரி. ஆசாரிக்கு வாட்ஸாப் இல்லை, அதனால் பார்மாவையே கையில் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரம் தேய்ந்திருக்கிறது என்று உளியை எடுத்து அங்கேயே சரிசெய்து கொடுத்தார். நன்றி என்று நான் சொன்னதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை.

வந்த பதில்களைப் படித்துப் பார்த்தேன். வாழ்த்துகள் என்று மட்டும் எழுதியவர்கள் பலர். ஆனால் முப்பது நாற்பது பேர் ஒரு வரியைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். லேத் அண்ணனிடம் தாங்களும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றதாக மூன்று பேர். தங்கள் தோட்டத்திலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறது, வந்து பார்க்க முடியுமா என்று இரண்டு பேர். போனி அதில் ஒன்றுதான். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை, கிணற்றுக்குப் போகிற கேபிள்தான் அந்தத் தூரத்துக்கு மெலிசு. கேபிளை மாற்றச் சொல்லிவிட்டு, போய்வந்த கூலி மட்டும் வாங்கினேன்.

மேஸ்திரிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. பேத்தி படித்துக்காட்டியிருக்கிறாள். பிராட்காஸ்ட் போன மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே போன் வந்தது. நன்றாக இருக்கிறாயா, கடை எந்தத் திசை பார்த்தது என்றெல்லாம் கேட்டார். அப்புறம், "டேய், எட்டுச் சுத்துன்னு எழுதியிருக்கியாமா. எட்டு இல்லடா, ஆறு" என்றார்.

அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தினால்தான் உண்டு, அந்த நேரம் தாண்டிவிட்டது. செய்தியை ஒரு தாளில் அச்செடுத்துப் பெஞ்சுக்கு மேலே ஒட்டியிருந்தேன். பேனாவை எடுத்து எட்டை அடித்துவிட்டு, மேலே ஆறு என்று எழுதினேன்.